வீட்டுக்காரர் மௌத், பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: வாடகையை யாரிடம் கொடுக்க? (கீழக்கரை)

கடற்கரைவாசி: வாடகை 8,000, அட்வான்ஸ் 50,000. பத்திரத்தில் எழுதிய 11 மாத அக்ரிமெண்டில் இன்னும் 4 மாதம் இருக்கிறது. பதிவு செய்யவில்லை. வீட்டுக்காரர் போன மாதம் மௌத்தாகிவிட்டார். துபாயில் உள்ள மூத்த மகன் மாதக் கடைசிக்குள் சாவி வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார். இளையவர் வாடகையைத் தன் கையில் கேட்கிறார். மகளோ, "வாப்பா இந்த வீட்டை எனக்குக் கொடுத்துட்டாங்க" என்கிறார். வீட்டுக்காரரின் மனைவியும் இருக்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

மண்டபம்_மணி: இதில் குழம்ப என்ன இருக்கு? ஆறு மாத வாடகை அவங்ககிட்டதானே கிடக்கு. வாடகை கொடுக்காம அட்வான்ஸில் கழிச்சுக்கிட்டே இருங்க. அக்ரிமெண்ட் முடியும்வரை யாரும் அசைக்க முடியாது.

ராம்நாடு_வக்கீல்: மணி அண்ணே, நீங்கள் சொன்னதில் பின்பாதி ஏறக்குறைய சரி, முன்பாதி ஆபத்து. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் இறந்தாலும் ஒப்பந்தம் மீதிக் காலத்துக்கு வாரிசுகளைக் கட்டுப்படுத்தும். ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி என்பது காலி செய்யச் சொல்ல அவர்களுக்குக் கிடைக்கும் காரணம். அதை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

பலவீனம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கிளப்பும். வெறும் வாய்ப்பேச்சில் குடியிருப்பவரை விட நீங்கள் மேல், அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது: மனைவி, இரண்டு மகன்கள், மகள் நால்வருக்கும் ஒரே கடிதம், விரைவுத் தபாலில், ரசீதோடு. "மாத வாடகை 8,000 தயாராக உள்ளது. எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று நால்வரும் கையெழுத்திட்டுத் தெரிவியுங்கள். வாரிசுச் சான்றிதழ் நகலும் தாருங்கள்." இந்த நாலு வரி போதும். உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர்கள் ஒன்றுபடாவிட்டால் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை என்ற காரணத்தைக் காட்டி வாடகை அதிகாரியிடமே பணத்தைக் கட்டலாம். அதுவரை ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

தொண்டி_கபீர்: எங்க வீடும் இதே கதைதான் காக்கா. மூணு லட்சம் ஒத்திக்கு எடுத்தது, வாடகையே கிடையாது. நாங்களும் அதிகாரிகிட்ட போகலாமா?

ராம்நாடு_வக்கீல்: உங்களுடையது வாடகையே இல்லை கபீர், கடன். பணத்தைத் திருப்பித் தந்த பிறகுதான் வீடு கேட்க முடியும். ஆனால் ஒத்திப் பத்திரம் பதிவாகாமல் இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. தனி இழை போடுங்கள்.

கடற்கரைவாசி: நால்வருக்கும் பங்கு என்றால் வாடகையை நானே பிரித்துப் போட்டுவிடலாமா? மூத்தவர் ஒருவர் மட்டும் காலி பண்ணச் சொல்ல முடியுமா?

ராம்நாடு_வக்கீல்: பிரிக்காதீர்கள். முஸ்லிம் வாரிசு முறையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. அதாவது 8,000-இல் மனைவிக்கு 1,000, மகன்களுக்கு தலா 2,800, மகளுக்கு 1,400. ஆனால் இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடிருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அந்தத் தப்பு உங்கள் தலையில் விழ வேண்டாம்.

மூத்தவரைப் பொறுத்தவரை, கூட்டு உரிமையாளர்களில் ஒருவரே வழக்குப் போடலாம், மற்றவர்கள் எதிர்க்காதவரை. இங்கே மகள் எதிர்க்கிறார் என்பதால் மூத்தவருடைய வாட்ஸ்அப் செய்தியை ஒரு கோரிக்கையாக மட்டும் பாருங்கள். அதற்காகப் பூட்டை உடைக்கவோ கரண்டை நிறுத்தவோ அவருக்கு உரிமை இல்லை.

பெரியபட்டினம்_லாத்தா: மகள் சொல்வதைச் சும்மா தள்ளாதீங்க. நம்ம ஊர்ப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குன்னு கொடுக்கிற வழக்கம் இருக்கு. வில்லங்கம் போட்டுப் பாருங்க.

ராம்நாடு_வக்கீல்: லாத்தா சொன்னது முக்கியம். tnreginet.gov.in-இல் வில்லங்கச் சான்று எடுங்கள். தான செட்டில்மெண்ட் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும், அப்புறம் மகளின் பேச்சுக்குத்தான் வலு அதிகம். ஹிபா, அதாவது வாய்மொழியாகக் கொடுத்த தானமாக இருந்தால் வில்லங்கத்தில் வராது. எந்த வகையானாலும் வீட்டின் அனுபோகமும் மகள் கைக்குப் போயிருந்தால்தான் அது நிற்கும். நீங்கள் இதுவரை வாடகை கொடுத்தது யாரிடம் என்ற கேள்வி அங்கே வரும். பழைய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கடற்கரைவாசி: மூத்தவர் மச்சானுக்குப் பவர் கொடுத்திருக்கிறாராம்.

ராம்நாடு_வக்கீல்: நகல் கேளுங்கள். துபாயில் எழுதியதென்றால் இந்தியத் துணைத் தூதரக அத்தாட்சி வேண்டும், இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் அது மூத்தவரின் பங்குக்கு மட்டும்தான்.

நாலு மாதம் முடிந்த பிறகு இழுத்தடிக்காதீர்கள், இரட்டிப்பு வாடகை கேட்க வழியுண்டு. சாவி கொடுக்கும் அதே நாளில் அட்வான்ஸ், நால்வரும் கையெழுத்திட்ட ரசீதோடு.

கடற்கரைவாசி: கடிதம் போட்டாச்சு. மனைவியும் மகளும் வாங்கிக்கொண்டார்கள். இளையவர் தபாலையே வாங்கவில்லை.

ராம்நாடு_வக்கீல்: திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். அதையும் சேர்த்துத்தான் அதிகாரியிடம் மனு.