வலது காது, தோளுக்குக் கீழே தலையணை

*சனிக்கிழமை*

ரேவதி (காலை 7:10)
[படம்: பயிற்சித் தாள்]
அம்மாவின் தலைசுற்றலுக்கு டாக்டர் கொடுத்த தாள் இது. மேலே எப்லி என்று பயிற்சியின் பெயரை எழுதி, "வலது காது" என்பதை வட்டமிட்டிருக்கிறார். நேற்று மூன்று தடவை செய்தோம். ஆனாலும் இன்று காலை கட்டிலில் புரண்டதும் அறையே சுற்றுகிறது என்கிறார். மாலா அண்ணி, கொஞ்சம் பாருங்களேன்.

சுந்தரம் மாமா (7:18)
அக்காவுக்கு அதுவா? எனக்கும் வந்து போனதுதான். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய வேண்டும். அப்புறம் இரண்டு இரவு உட்கார்ந்தே தூங்க வேண்டும். படுத்தால் போச்சு.

கார்த்திக் (7:21)
ரேவதி அக்கா, ஒரு வீடியோ இருக்கிறது, அனுப்பட்டுமா? அதில் இடது பக்கம் திரும்பித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மாலா (7:40)
கார்த்திக், அனுப்பாதே. அது இடது காதுக்கானதாக இருக்கும். அத்தைக்கு வலது காது. பக்கம் மாறினால் பலனே இருக்காது. மாமா, நீங்கள் செய்தது வேறு பயிற்சி, இரண்டு பக்கமும் சாய்வது. இந்தத் தாளோடு அதைக் கலக்க வேண்டாம்.

ரேவதி, டாக்டர் அத்தையைப் படுக்க வைத்துப் பார்த்தபோது வலது பக்கம் தலையைத் திருப்பினால்தான் சுற்றியதா?

ரேவதி (7:44)
ஆமாம் அண்ணி. படுத்ததும் நாலைந்து நொடி ஒன்றுமில்லை, அப்புறம் கண் துள்ளத் தொடங்கியது. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. இடது பக்கம் ஒன்றும் இல்லை.

மாலா (7:52)
சரி, பக்கம் சரிதான். காதுக்குள் சமநிலையைக் கவனிக்கும் இடத்தில் சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கும். அவற்றில் சில இடம் மாறிப் பக்கத்தில் உள்ள வளைந்த குழாய்க்குள் விழுந்துவிட்டன. தலையைத் திருப்பும்போது துகள் உருளும், மூளைக்கு உடம்பு சுற்றுவதாகச் செய்தி போகும். வளைந்த குழாயில் விழுந்த மணலைக் குழாயைத் திருப்பித் திருப்பி வெளியே கொட்டுவதுபோல்தான் இந்தப் பயிற்சி. அதனால் ஒரு படியில் தலை தவறினால் துகள் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

நேற்று செய்தபோது தலையணை எங்கே இருந்தது?

ரேவதி (7:55)
தலைக்கு அடியில்.

மாலா (8:03)
அங்கேதான் தப்பு. தலையணை தோளுக்குக் கீழே வர வேண்டும். உட்காரும்போதே பின்னால் போட்டு வையுங்கள், படுக்கும்போது தோள்பட்டை அதன்மேல் விழ வேண்டும், தலை அதைத் தாண்டிக் கட்டிலில் சற்றுப் பின்னால் சாய வேண்டும். தலைக்கு அடியில் வைத்தால் தாடை மார்பை நோக்கி வந்துவிடும். துகள் நகரவே நகராது.

செல்வி சித்தி (8:09)
எனக்கும் எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது. கழுத்தில் நரம்பு அழுத்தம் என்றும் சொன்னார்கள், கை மரத்துப் போகும். இன்றே நானும் இதைச் செய்து பார்க்கிறேன்.

மாலா (8:15)
சித்தி, தயவுசெய்து வேண்டாம். எழுந்து நின்றால் வருவது வேறு. அதற்குப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அத்தைக்கு வருவது புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும். கழுத்தில் நரம்பு அழுத்தம், கை மரத்தல் இருப்பவர்கள் தலையைப் பின்னால் சாய்த்துத் திருப்பக் கூடாது. சமீபத்தில் கழுத்தில் அடிபட்டவர்களும், கண்ணில் விழித்திரை விலகியவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. திங்கட்கிழமை போய்க் காட்டுங்கள்.

செல்வி சித்தி (8:17)
சரி, சரி. அழுத்தம் பார்க்கச் சொல்கிறேன்.

கமலம் (அம்மா) (8:30)
மாலா, நேற்று மூன்றாவதில் வயிற்றைப் புரட்டியது. நிறுத்திவிடலாமா?

மாலா (8:41)
அத்தை, வயிற்றைப் புரட்டுவது சுற்றலோடு வருவதுதான், பயப்பட வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு வாளி இருக்கட்டும். தனியாகச் செய்யவே வேண்டாம், ரேவதி கூடவே நிற்கட்டும்.

ரேவதி, இப்படிச் சொல். அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்காரட்டும். தலையை வலது பக்கம் பாதி திருப்பட்டும், தாடை நடு மார்புக்கும் வலது தோளுக்கும் நடுவில் நிற்கும் அளவுக்கு. அப்படியே வேகமாகப் படுக்கட்டும், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். சுற்றினால் நிற்கும்வரை இரு. நின்ற பிறகும் 30 நொடி எண்ணு. அப்புறம் தலையைத் தூக்காமல் இடது பக்கம் பாதி வரும்வரை திருப்பு, மறுபடி 30 நொடி. அப்புறம் உடம்பையும் தலையையும் சேர்த்து இடது பக்கம் உருட்டு. மூக்கு தரையைப் பார்க்க வேண்டும். அதற்கும் 30 நொடி. பிறகு காலைக் கீழே விட்டு மெதுவாக எழட்டும், தாடை கீழே சாய்ந்தபடி.

ரேவதி (8:46)
மூக்கு தரையைப் பார்க்கணுமா! நேற்று அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மாலா (8:48)
அதுவும் காரணம். பலரும் அங்கேதான் விடுகிறார்கள். எழுந்ததும் ஐந்து நிமிடம் கட்டில் ஓரத்திலேயே உட்கார வை, தோளைப் பிடித்துக்கொள். உட்கார்ந்தவுடன் பின்னால் தள்ளுவதுபோல் வரும், அப்போதுதான் விழுகிறார்கள்.

ரேவதி (11:20)
செய்தோம். தலையணை தோளுக்குக் கீழே. படுத்ததும் மூன்று நொடி கழித்துக் கண் துள்ளியது, கருவிழி மேலே எகிறி வலது காது பக்கமாகச் சுழன்றது. இருபது நொடியில் நின்றது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல் சிவந்துவிட்டது. இரண்டாவதில் லேசாக, மூன்றாவதில் ஒன்றுமில்லை.

மாலா (11:31)
நல்லது. அந்தச் சுழற்சியே வலது காதுதான் என்பதைச் சொல்கிறது. மதியம், மாலை இன்னும் இரண்டு தடவை. சுற்றல் வராமல் 24 மணி நேரம் ஆனால் நிறுத்தலாம். ஒரு வாரம் ஆகியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் திரும்ப வேண்டும்.

ஒன்று கவனி. எந்தப் பக்கம் புரண்டாலும் முன்பைவிட வலுவாகச் சுற்றினால் துகள் வேறு குழாய்க்கு மாறியிருக்கலாம். இந்தத் தாளைத் தொடராதே, டாக்டரைப் பார். பேச்சு குழறல், இரட்டையாகத் தெரிதல், கை கால் பலவீனம், தாங்காத தலைவலி, நடக்கவே முடியாமை, திடீரென்று காது கேளாமை என்றால் நாளை வரை காத்திருக்காதே. உடனே அவசரப் பிரிவு.

சுந்தரம் மாமா (11:40)
ஆனாலும் உட்கார்ந்து தூங்குவதை விடாதீர்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

மாலா (11:47)
மாமா, முன்பு எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2017இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதலே அது தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அத்தை படுத்தே தூங்கட்டும்.

சுந்தரம் மாமா (11:50)
என் டாக்டர் சொன்னதை நான் மாற்ற மாட்டேன் அம்மா.

*ஞாயிற்றுக்கிழமை*

ரேவதி (காலை 6:25)
அம்மா வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏழெட்டு நொடி லேசாகச் சுற்றி நின்றது. எழுந்து நடந்தால் மிதப்பதுபோல் இருக்கிறதாம்.

மாலா (6:38)
அந்த மிதப்பு சில நாள் இருக்கும், பரவாயில்லை. வண்டி ஓட்ட வேண்டாம், ஸ்டூலில் ஏற வேண்டாம். ஆனால் சுற்றியதால் 24 மணி நேரக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. இன்றும் மூன்று தடவை செய்யுங்கள்.

கமலம் (அம்மா) (6:44)
இது மறுபடியும் வருமா மாலா?

மாலா (6:50)
வரலாம் அத்தை, பலருக்கு வருகிறது. எப்போது என்று சொல்ல முடியாது. தாளைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அடுத்த தடவை எந்தக் காது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ரேவதி (6:52)
தாளைப் பீரோவில் வைத்துவிட்டேன். பின்பக்கம் பேனாவால் "தலையணை தோளுக்குக் கீழே" என்று எழுதியிருக்கிறேன்.