படத்தை எதுவரை நம்பலாம்? ஒரு சொல் வேண்டும்

மீனாட்சி:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

திரைப்பிடிப்பாக வரும் வடிவியல் கணக்குகளைத் தீர்ப்பது பற்றி மாணவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதியில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். கணக்கைச் சொன்னால்தான் எந்தச் சொல் என்று விளங்கும்.

மாணவி ஒருத்தி அனுப்பிய படம் இது. முக்கோணம் ABC. AB மேல் 8, AC மேல் 7, B முனையில் 60°, அடிப்பக்கம் BC-க்குக் கீழே x. A-யிலிருந்து ஒரு புள்ளிக்கோடு நேராக இறங்கி அடிக்கோட்டில் H என்ற இடத்தில் நிற்கிறது, அங்கே சின்னச் சதுரக் குறி இருக்கிறது. H, C இரண்டு எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கேள்வியின் வாசகம் வெட்டுப்பட்டுவிட்டது, படம் மட்டும்தான் மிச்சம்.

H-உம் C-யும் ஒரே புள்ளி என்று அவள் நினைத்துவிட்டாள். C செங்கோணமாகிவிட்டது; 8-இல் பாதி, x = 4 என்று முடித்துவிட்டாள். "சரி, இதையே பிதாகரஸ் தேற்றத்தால் போட்டுப் பார்" என்றேன். 64-இல் 49 போக 15, அதன் வர்க்கமூலம் 3.87. ஒரே பக்கத்துக்கு இரண்டு நீளம் வந்ததும் திகைத்துப் போனாள். C செங்கோணம் என்று படத்தில் யாரும் எழுதவில்லை, அவள் கண்தான் எழுதிக்கொண்டது.

ஆனால் H என்பது BC கோட்டின் மேல் இருக்கிறது என்றும் யாரும் எழுதவில்லையே! அதைக் கண்ணால் பார்த்துத்தானே எடுத்துக்கொள்கிறோம்? அதில் தவறும் இல்லை. ஆக, படத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வகை, குறி இருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் பெயர் வேண்டும். "காட்சிச் செய்தி", "குறிப்புச் செய்தி" என்று எழுதிப் பார்த்தேன். குறிப்பும் கண்ணுக்குக் காட்சிதானே என்று எனக்கே தோன்றி அடித்துவிட்டேன்.

ரேவதி:

மீனாட்சி அம்மா, இதற்குப் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. "திரைப்பிடிப்பு" என்ற சொல் நன்றாகவே புழங்குகிறது, "திரைக்காட்சி" என்பாரும் உண்டு. பிடித்தல் என்ற வினை இருப்பதால் முதலாவதே எனக்குப் பிடிக்கும்.

சேகர்:

ரேவதி, அவர் கேட்பது வேறு சொல்.

எனக்குச் சொல்லைவிடக் கணக்குதான் முதலில் கண்ணில் பட்டது. படத்தைப் பெரிதாக்கி பிக்சல் கணக்கில் அளந்தேன். AB சரியாக 400 பிக்சல், BC 250. AB என்பது 8 என்றால் ஒரு அலகுக்கு 50 பிக்சல், BC = 5. அவ்வளவுதான். நல்ல தெளிவான படம் இருந்தால் அளந்தே விடை சொல்லிவிடலாம். அப்புறம் எதற்கு இரண்டு வகை?

நடராசன்:

சேகர், விடை 5 என்பது சரி, வந்த வழி தவறு. இதைப் பொறுமையாகப் பார்ப்போம், சொல்லும் இதிலிருந்தே பிறக்கும் என்று நம்புகிறேன்.

அளக்கத் தொடங்கினால் விடையை மட்டும் அளந்து நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே தெரிந்த நீளத்தையும் அளக்க வேண்டும். நான் அதே படத்தில் AC-யை அளந்தேன், 320 பிக்சல். உங்கள் கணக்குப்படி அது 6.4 ஆகிறது, படத்திலோ 7 என்று எழுதியிருக்கிறது. B கோணத்தையும் பார்த்தேன். A-யின் உயரம் 320, B-யிலிருந்து H வரை 240. அந்தக் கோணம் 53 டிகிரிதான் வருகிறது, 60 இல்லை. கொடுத்த அளவுகளையே தாங்காத படம் கொடுக்காத அளவை எப்படிச் சொல்லும்? உங்களுக்கு 5 கிடைத்தது தற்செயல்.

திரைப்பிடிப்பு மேலும் கீழும் இழுபட்டிருக்குமோ என்றும் பார்த்துவிட்டேன். 60° வரும்வரை படத்தை உயரவாக்கில் நீட்டினால் BC ஏறத்தாழ 4.2 ஆகிறது, AC 6.93-இல் நிற்கிறது. ஆக இழுப்பு மட்டும் காரணமில்லை. வரைந்தவரே கைபோன போக்கில்தான் வரைந்திருக்கிறார்.

இப்போது கணக்கு. BH என்பது 8-இல் பாதி, 4. AH² = 64 − 16 = 48. HC² = 49 − 48 = 1. எனவே HC = 1. இதுவரை ஐயமில்லை. இனிதான் முடிச்சு. H என்ற புள்ளி B-க்கும் C-க்கும் நடுவில் இருந்தால் BC = 4 + 1 = 5. C-யைத் தாண்டி வெளியே இருந்தால் BC = 4 − 1 = 3. இரண்டு முக்கோணங்களிலும் 8, 7, 60° மூன்றும் அப்படியே பொருந்தும். முதலாவதில் C கோணம் 81.8°, இரண்டாவதில் 98.2°. இரண்டும் செங்கோணத்துக்கு இவ்வளவு அருகில் இருப்பதால்தான் அந்தப் பெண் ஏமாந்திருக்கிறாள்.

எந்த முக்கோணம் என்று எண்கள் சொல்லாது, படம்தான் சொல்ல வேண்டும். எழுத்துகளை விட்டுவிட்டு H அருகே பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிக்கோடு அடிக்கோட்டைத் தொட்ட பிறகும் முழுக்கோடு இன்னும் 10 பிக்சல் வலப்புறம் போய், அங்கே AC என்ற முழுக்கோட்டைச் சந்திக்கிறது. H வெளியே விழுந்திருந்தால் C-க்கு அப்பால் அடிக்கோட்டை நீட்டி வரைந்திருப்பார்கள், புள்ளிக்கோடு AC-க்கு வலப்புறம் இறங்கியிருக்கும். ஆக H உள்ளேதான். அந்த 10 பிக்சல் என்ற நீளத்துக்கு மதிப்பே இல்லை. சரியான அளவில் அது 50 ஆக இருந்திருக்க வேண்டும். ஆனால் B, H, C என்ற வரிசைக்கு முழு மதிப்பு உண்டு.

மீனாட்சி தேடும் இரண்டு வகை இவைதாம். கென்னத் மாண்டர்ஸ் என்ற அறிஞர் யூக்ளிடின் படங்களைப் பற்றி 1995-இல் எழுதி 2008-இல் அச்சான கட்டுரையில் இதே பிரிவினையைச் செய்திருக்கிறார். படம் கொஞ்சம் கோணலாக வரையப்பட்டாலும் மாறாமல் நிற்பவை ஒரு பக்கம்: எது எதற்கு நடுவில், எது எதை வெட்டுகிறது, எது எதற்குள். சமம், செங்கோணம், இணை போல இம்மி பிசகினாலும் கெட்டுப்போகிறவை மறுபக்கம். யூக்ளிட் தம் முதல் நூலின் முதல் முன்மொழிவிலேயே இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்கின்றன என்பதைப் படத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார். பக்கங்கள் சமம் என்பதை மட்டும் படத்தை நம்பிச் சொல்வதில்லை.

என் பரிந்துரை: முதலாவது "அமைவுச் செய்தி", இரண்டாவது "அளவுச் செய்தி".

தவராசா:

நடராசன் ஐயாவின் விளக்கம் நன்று. எங்கள் இலங்கைப் பாடநூல்களில் "அளவிடைப் படம்" என்று ஒரு சொல் உண்டு. உண்மை நீளங்களைக் குறித்த விகிதத்தில் சுருக்கியோ பெருக்கியோ வரைந்த படம். எனவே இந்தப் படத்தை "அளவிடையற்ற படம்" என்று சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் நீங்கள் "அளவுத்திட்டம்" என்பீர்கள், அது கொஞ்சம் நீளம்.

"அளவுச் செய்தி" பற்றி எனக்கு ஒரு தயக்கம். இரண்டு கோடுகள் இணையாக இருப்பது அளவா? மாணவன் காதில் அளவு என்றால் எண்தான் கேட்கும். இணை, செங்குத்து இரண்டுக்கும் எண் எதுவும் எழுதியிருக்காதே.

ரேவதி:

மன்னிக்கவும், கேள்வியை அவசரமாகப் படித்துவிட்டேன். தவராசா ஐயா இணையைச் சொன்னதும் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறது. என் மகன் படிக்கும் கணக்கு ஒன்றில் இரண்டு கோடுகளின் மேலும் இணை என்று காட்டும் சின்ன அம்புக்குறிகள் இருந்திருக்கின்றன. அந்தப் படம் நாலைந்து கைபேசிகளுக்குத் தாவி வந்து சேர்ந்தபோது குறிகள் தேய்ந்து ஒரு அழுக்குப் புள்ளிபோல் ஆகிவிட்டன. நானும் அவனும் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கோடுகள் பார்வைக்கு இணையாகத்தான் இருந்தன. ஆனால் குறி இல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். இப்படிக் குறி அழிந்துபோன படத்தில் என்ன செய்வது?

நடராசன்:

நீங்கள் நின்றது சரி, ரேவதி. அழுக்குப் புள்ளி தெரிந்தால் மூலப் படத்தைக் கேட்பதுதான் வழி. கிடைக்காவிட்டால் "இவை இணை என்று கொண்டால்" என்று விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

தவராசா சொன்ன தயக்கம் நியாயமானது. "துல்லியச் செய்தி" என்று மாற்றலாமா? இணை, சமம், செங்கோணம் மூன்றும் துல்லியமாக இருந்தால்தான் உண்மை. "ஏறக்குறைய இணை" என்று வடிவியலில் ஒன்றில்லை.

அமைவுச் செய்திக்கும் ஒரு வரம்பு சொல்லவேண்டும். கணக்கு கொடுத்தவர் வரைந்த படத்தில்தான் அதை நம்பலாம், நாமே வரைந்த உதவிப்படத்தில் நம்பக் கூடாது. எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே என்று "நிறுவும்" பழைய பொய் நிறுவல் தெரிந்திருக்கும். அதில் சர்வசமம், செங்குத்து எல்லாமே சரியாக இருக்கும். இரண்டு செங்குத்துகளின் அடிகளில் ஒன்று பக்கத்துக்கு உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் விழ வேண்டியது. கையால் வரையும்போது இரண்டையும் உள்ளேயே வரைந்துவிடுகிறோம். பிழை முழுவதும் அமைவில் இருக்கிறது, அளவில் இல்லை.

சேகர்:

AC-யை அளக்காமல் விட்டது என் தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. H-ஏ வரையாத படம் வந்திருந்தால்? வெறும் 8, 7, 60° மட்டும் இருந்து, C முனையில் 140° போலப் பளிச்சென்று விரிகோணமாக வரைந்திருந்தால்? விரிகோணம் என்பது கொஞ்சம் கோணலாக வரைந்தாலும் மாறாதே. அப்படியானால் அது அமைவுச் செய்திதானே, 3 என்று சொல்லிவிடலாமே?

நடராசன்:

நல்ல கேள்வி. நான் 3, 5 இரண்டையும் எழுதுவேன். கோணம் பெரிதா சிறிதா என்பதை வரைந்தவர் எண்ணித்தான் வரைந்தார் என்று எனக்கு உறுதியில்லை. மீனாட்சி தந்த படத்திலோ, H எங்கே விழுகிறது என்பதை எண்ணாமல் அவரால் அந்தப் புள்ளிக்கோட்டை வரைந்திருக்கவே முடியாது.

தவராசா:

இதில் நான் உடன்படவில்லை, ஐயா. 140° என்று வரைந்தவர் குறுங்கோணத்தை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. நான் 3 என்றே எழுதுவேன். மாண்டர்ஸின் அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தாலும் விரிகோணம் அமைவுப் பக்கம்தான் விழுகிறது.

அப்புறம், "அமைவு" என்ற சொல் கணினியில் நிறுவுதல், அமைப்புகள் என்றெல்லாம் புழங்குவதால் "கிடப்பு" என்று வைக்கலாமா என்று யோசித்தேன். கோப்பு கிடப்பில் கிடக்கும் நினைப்புதான் வருகிறது. விட்டுவிட்டேன்.

மீனாட்சி:

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் "அமைவுச் செய்தி", "துல்லியச் செய்தி" என்று எழுதியிருக்கிறேன். தவராசா ஐயாவின் "அளவிடையற்ற படம்" என்பதையும் எடுத்துக்கொண்டேன், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காக முதல் இடத்தில் மட்டும் "அளவுத்திட்டப்படி வரையாத படம்" என்று விரித்திருக்கிறேன்.

மாணவியிடம் மூலப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன். H, C-க்கு இடப்புறம்தான், எழுத்துகள் அங்கே தனித்தனியாகத் தெரிகின்றன. கீழே சிறிய எழுத்தில், படம் அளவுத்திட்டப்படி வரையப்படவில்லை என்ற வரியும் இருக்கிறது. அவள் வெட்டியெடுத்தபோது அந்த வரி போய்விட்டது. இப்போது அவளே 4 + 1 என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

விரிகோணக் கேள்விக்கு மட்டும் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். நடராசன் ஐயாவும் தவராசா ஐயாவும் ஒத்துப்போகும்வரை அது காலியாகவே இருக்கட்டும்.