தங்கக் கிரீமும் இமை அரிப்பும்: ஒட்டுச் சோதனை எங்கே செய்யலாம்?

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் 50 கிராம் தங்கக் கிரீம் ஒன்று வாங்கினேன். மூன்றாம் வாரமே இரு இமைகளிலும் அரிப்பு, செதில். நிறுத்தினால் பத்து நாளில் அடங்குகிறது, பூசினால் திரும்புகிறது. சோப்பையும் கண்மையையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கழுத்துச் சங்கிலியால் தொல்லை எதுவும் இல்லை.

அட்டையைப் படித்தேன். CI 77480, அதாவது தங்கம், ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வருகிறது. அந்தப் பதனப்பொருளுக்கு ஐரோப்பாவில் உச்சவரம்பே 1 சதவீதம். ஆனால் நிறமிகளை மற்ற பொருள்களுக்குப் பின் எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதால், தங்கம் எவ்வளவு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மென்மை கிளிசரினுடையது, மினுமினுப்பு பெரும்பாலும் மைக்காவுடையது. விலை மட்டும் நகைக்கடை விலை!

வாசனைப் பொருளும் பட்டியலில் இருப்பதால் குற்றவாளி எதுவென்று தெரியவில்லை. சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்ப்பதுதான் ஒட்டுச் சோதனை. தோல் மருத்துவரிடம் உள்ள அதன் தொகுப்பில் நறுமணக் கலவை உண்டு, தங்க ஒவ்வாமையைப் பார்க்க உதவும் தங்க உப்பு இல்லை.

திருநெல்வேலி, மதுரைப் பக்கம் தங்க உப்பும் சேர்த்து இந்தச் சோதனையை எங்கே செய்கிறார்கள்?