XIRR 8.86% காட்டுது, ஃபண்டு ஸ்டேட்மென்ட்ல 9.78%: எது சரி?

தேன்சிட்டு:
ஒரு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரே தொகையாகப் போட முடியவில்லை. சில மாதம் விட்டுப்போனது, சில மாதம் கூடப் போட்டேன். மொத்தம் போட்டது 60,000. 05-01-2025 அன்று மதிப்பு 64,000. நேரடியாக வகுத்தால் 6.67%. எக்செலில் XIRR போட்டால் 8.86%. ஃபண்டு ஸ்டேட்மென்டில் 9.78%. எதை நம்புவது?

```
     A            B
1  05-01-2024   -10000
2  05-02-2024   -10000
3  10-04-2024   -20000
4  05-06-2024    -5000
5  20-09-2024   -15000
6  05-01-2025    64000

=XIRR(B1:B6,A1:A6)
```

ஸ்டேட்மென்டிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினேன். முதலில் #VALUE! வந்தது. செப்டம்பர் வரி மட்டும் செல்லின் இடது ஓரத்தில் நின்றது. அதை அழித்துவிட்டு 20-Sep-2024 என்று கையால் அடித்தேன், பிழை போய்விட்டது.

மலைக்கோட்டை:
XIRR எதுக்குங்க, IRR போதும். பணம் போட்ட தொகைகளை வரிசையா எழுதி, கடைசியில மதிப்பை எழுதுங்க. வர்றது மாத விகிதம், 12-ஆல பெருக்கினா ஆண்டு விகிதம்.

தேன்சிட்டு:
செய்து பார்த்தேன் சார். ஜனவரியிலிருந்து ஜனவரி வரை 13 செல், போடாத மாதங்களைக் காலியாக விட்டேன். மாதம் 2.22% வருது. 12-ஆல் பெருக்கினால் 26.6%! இது இருக்கவே முடியாதே?

பேரேடு:
இருக்க முடியாதுதான். IRR காலி செல்லைக் கணக்கிலேயே சேர்க்காது. 13 செல் கொடுத்தாலும் அதற்குத் தெரிவது நிரம்பிய 6 மட்டும்தான். 12 மாதத்தில் நடந்ததை 5 மாதத்தில் நடந்ததாக நினைத்துக்கொள்கிறது. போடாத மாதத்தில் 0 என்று எழுத வேண்டும். மலைக்கோட்டை சொன்னதில் பாதி சரி: மாத விகிதம் வரும். ஆனால் அதை 12-ஆல் பெருக்கக் கூடாது, `=(1+r)^12-1` என்று ஆண்டுக்கு மாற்ற வேண்டும். அப்படியும் ஏப்ரல் 10, செப்டம்பர் 20 போன்ற தேதிகளை IRR-க்குச் சொல்ல வழியில்லை. உங்கள் கணக்குக்கு XIRR-தான் பொருத்தம்.

உங்கள் சிக்கல் தேதியில் இருக்கிறது. அந்தச் செப்டம்பர் வரி இடது ஓரத்தில் நின்றதுதான் துப்பு. ஒரு காலி நெடுவரிசையில் இதைப் போட்டு ஆறு வரிக்கும் இழுங்கள்:

```
=TEXT(A1,"dd-mmm-yyyy")
```

என்ன வருகிறது என்று அப்படியே எழுதுங்கள்.

தேன்சிட்டு:
01-May-2024, 02-May-2024, 04-Oct-2024, 06-May-2024, 20-Sep-2024, 01-May-2025. ஐயோ, எல்லாம் மாறிக் கிடக்கே!

பேரேடு:
அதேதான். உங்கள் கணினியின் ரீஜன் அமெரிக்க முறையில் இருக்கிறது. முதலில் மாதம், பிறகு நாள் என்று படிக்கிறது. 05-02 என்பது மே 2 ஆகிவிட்டது. 20-09-க்கு 20-வது மாதம் கிடையாது, அதனால் அது மட்டும் எழுத்தாகவே நின்று #VALUE! கொடுத்தது. அந்த ஒன்றை மட்டும் திருத்தியதும் பிழை மறைந்தது, மற்ற ஐந்தும் தப்பாகவே இருந்துவிட்டன. செல்லில் 5/2/2024 என்று பார்க்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

விகிதம் ஏன் குறைந்தது என்றும் பாருங்கள். செப்டம்பர் 15,000 உண்மையில் ஃபண்டில் இருந்தது 107 நாள். முடிவுத் தேதி மே 1-க்கு ஓடிப்போனதால் எக்செல் அதை 223 நாள் என்று எண்ணுகிறது. ஜூனில் போட்ட 5,000-க்கு 214 நாள் 360 ஆகிவிட்டது. ஏப்ரல் 20,000-க்கு மட்டும் 270 நாள் 209 ஆகக் குறைந்தது. மொத்தத்தில் அதே 4,000 லாபத்தை ஈட்ட அதிகப் பணம் அதிக நாள் கிடந்ததாகக் காட்டுகிறது.

திருத்தும் வழி: தவறாக மாறிவிட்ட தேதி மேல் Text to Columns ஓட்டிப் பயனில்லை, அது இப்போது எழுத்தே இல்லை, எண். நெடுவரிசையை அழியுங்கள். Format Cells-இல் Text தேர்ந்தெடுத்து, மறுபடி எழுத்தாக மட்டும் ஒட்டுங்கள். பிறகு Data > Text to Columns, மூன்றாவது திரையில் Date: DMY. ஆறே வரிதான் என்றால் `=DATE(2024,2,5)` என்று அடிப்பது இன்னும் சுலபம். கூகுள் ஷீட்ஸ் என்றால் ஒட்டுவதற்கு முன் File > Settings > Locale போய் India ஆக்கிவிடுங்கள்.

தேன்சிட்டு:
DATE போட்டேன். 9.78%! ஸ்டேட்மென்டோடு அப்படியே ஒத்துப்போகுது. ரொம்ப நன்றி. அடுத்த முறை ஸ்டேட்மென்ட் கையில் இல்லாவிட்டால் தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேரேடு:
கால்குலேட்டர் போதும். ஒவ்வொரு தொகையையும் அது கிடந்த நாளால் பெருக்கிக் கூட்டுங்கள். உங்களுக்கு 366, 335, 270, 214, 107 நாட்கள். கூட்டினால் 1,50,85,000. அதை 365-ஆல் வகுத்தால் 41,329. அதாவது சராசரியாக ஓராண்டு முழுக்க 41,329 ரூபாய் உழைத்திருக்கிறது, 60,000 அல்ல. 4,000-ஐ 41,329-ஆல் வகுத்தால் 9.68%. XIRR இதற்குப் பக்கத்தில் வர வேண்டும். 6.67% தப்பானதும் இதனால்தான்: செப்டம்பரில் போட்ட பணத்தையும் ஜனவரியிலேயே போட்டதாக அது எடுத்துக்கொள்கிறது.

9.68-க்கும் 9.78-க்கும் உள்ள இடைவெளி பிழையல்ல. ஓராண்டுக்குக் குறைந்த காலத்தில் கூட்டு வட்டி தனி வட்டியைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தரும். அதே 4,000 வர விகிதம் சற்று ஏற வேண்டியிருக்கிறது. ஐந்தாறு வருடக் கணக்கில் தனி வட்டி முறை XIRR-ஐவிட மிக அதிகமாகக் காட்டும், அங்கே இந்தச் சோதனை உதவாது.

வைகைக்கரை:
எனக்கும் இதே பிரச்சினைதான். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி., 6.7% வட்டி. XIRR 6.87-ஐ ஒட்டி வருது. எனக்கும் தேதி மாறியிருக்குமா?

பேரேடு:
இல்லை, உங்களுடையது வேறு. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் வட்டி காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது. `=(1+6.7%/4)^4-1` போட்டால் 6.87% வரும். XIRR எப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டும் விகிதத்தையே சொல்லும். தவணை தவறியிருந்தால் கட்டிய உண்மையான தேதியையும் அபராதத்தையும் சேர்த்து எழுதுங்கள். 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். 1,000 ரூபாய்த் தவணையை ஒரு மாதம் தாமதித்தால் -1010. அதை விட்டால் விகிதம் பொய்யாக ஏறும்.

மலைக்கோட்டை:
ஒண்ணு கேக்கணும். தேதின்னா வங்கியிலிருந்து பணம் போன நாளா, யூனிட் ஒதுக்கின நாளா? 2021 பிப்ரவரியிலிருந்து பணம் ஃபண்டு கையில சேர்ந்த பிறகுதானே அந்த நாள் என்.ஏ.வி. கிடைக்குது. நடுவுல சனி ஞாயிறு வந்தா ரெண்டு மூணு நாள் போயிடுது.

பேரேடு:
ஸ்டேட்மென்டோடு ஒப்பிட யூனிட் ஒதுக்கிய நாள். தொகையை முத்திரைத் தீர்வை கழிக்காமல் எழுதுங்கள், 9,999.50 அல்ல, 10,000. உங்கள் பையிலிருந்து போன பணத்துக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வங்கித் தேதிதான் நேர்மையானது என்பது என் எண்ணம்.

மலைக்கோட்டை:
எனக்கு அப்படித் தோணல. யூனிட் கிடைக்காத நாளுக்கு ஃபண்டை எப்படிக் குறை சொல்றது?

தேன்சிட்டு:
இரண்டு நெடுவரிசையும் வைத்துப் பார்க்கிறேன். வங்கித் தேதிகளை பாஸ்புக்கிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு எண்ணை இங்கே எழுதுகிறேன்.