‘பேசிஸ் பாயின்ட்’டைத் தமிழில் எப்படி விளக்குவீர்கள்?

டர்பனில் மூன்று மாணவர்களுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். மூவரும் இலங்கையில் தமிழ்வழியில் படித்தவர்கள். பாடம் நன்றாகத் தெரியும், ஆங்கிலச் சொல்தான் காலை வாருகிறது.

2025 ஜூலையில் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி, ரெப்போ வட்டியை 25 ‘பேசிஸ் பாயின்ட்’ குறைத்தது. அதற்கு முன் வட்டி 7.25 சதவீதம். ஒரு மாணவி அதில் 25 சதவீதத்தைக் கழித்து, 5.44 என்று எழுதியிருந்தாள். சரியான விடை 7.00. ஒரு ரேண்டுக்கு நூறு சென்ட் போல, ஒரு சதவீதப் புள்ளிக்கு நூறு பேசிஸ் பாயின்ட் என்றேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

பத்து லட்சம் ரேண்ட் வீட்டுக்கடனுக்கு ஆண்டு வட்டி 2,500 ரேண்ட் குறையும் என்றும் கணக்குப் போட்டோம். வங்கிகளின் பிரைம் வட்டி ரெப்போவைவிட 3.5 சதவீதப் புள்ளி மேலே நிற்பதால் அதுவும் 10.75இலிருந்து 10.50க்கு இறங்கியது.

ஆனால் ‘அடிப்படைப் புள்ளி’ என்று தமிழில் சொன்னதும், விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். நல்ல மாற்றுச்சொல் இருக்கிறதா? ‘சதவீதம்’, ‘சதவீதப் புள்ளி’ இரண்டையும் பிரித்துக் காட்ட நீங்கள் வகுப்பில் சொல்லும் உதாரணத்தையும் எழுதுங்கள். வியாழக்கிழமை அடுத்த வகுப்பு.