புதுப்பிப்பு: அம்மாவின் வைப்புத்தொகை, வட்டி ஏன் சுழியம்?

நான் கேட்டது: “20,000 ரிங்கிட், 12 மாதம், 2.85%. புதுப்பித்து 7 மாதம் முடிந்ததும் உடைத்தோம். அறிக்கையில் வட்டி 0.00. பாதி வட்டியாவது தர வேண்டாமா?”

உதவிய எல்லாருக்கும் நன்றி. வங்கியின் கணக்கு சரிதான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா “புதுப்பித்த தேதியைப் பாருங்க” என்றதுதான் வழிகாட்டியது. 1.1.2019 முதல் போட்ட அல்லது தானாகப் புதுப்பித்த வைப்புத்தொகையைத் தவணைக்கு முன் எடுத்தால் நடப்புத் தவணைக்கு வட்டியே கிடையாது.

தோட்டத்து அண்ணன் சொன்ன பாதி வட்டி பழைய விதி. மூன்று மாதம் தாண்டியிருந்தால், முடிந்த மாதங்களுக்குப் பாதி விகிதம். அதன்படி 1.425%, 7 மாதத்துக்கு 166.25 ரிங்கிட் வந்திருக்கும். அம்மாவின் ரசீது 2019-க்குப் பிந்தியது.

எதிர்பாராதது ஒன்று. முடிந்துபோன முதல் தவணையின் வட்டி 570 ரிங்கிட்டைப் பறிக்க முடியாது, ஆனால் அறிக்கையில் 20,000 மட்டுமே இருந்தது. பதறிவிட்டேன். சேமிப்புக் கணக்கைத் திறந்து பார்த்தால், புதுப்பித்த அன்றே 570 அதில் வரவாகியிருக்கிறது. அசல் மட்டும் புதுப்பிக்கும்படி முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்களாம். உங்கள் அறிக்கையில் குறைந்தால் முதலில் அங்கே தேடுங்கள்.

சுங்கை சிப்புட் தம்பி தன் இஸ்லாமிய வைப்பில் ஏதோ லாபம் வந்ததாக எழுதியிருந்தார். அது வேறு ஒப்பந்தம், அவர் ரசீதைப் பார்த்தால்தான் பேச முடியும்.

மீதிப் பணத்தை இனி 5,000 வீதம் தனித்தனி ரசீதாகப் போடுகிறோம். கூரை ஒழுகினால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.