கும்ரான் சுருள்கள்: எசேனரா, சதுசேயரா?

கரையான்: சவக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களை எழுதியது எசேனர் என்ற யூதக் கட்சி என்றுதான் படித்திருக்கிறேன். நேற்று ஒருவர், இன்னொரு யூதக் கட்சியான சதுசேயர் என்று அடித்துச் சொன்னார். எது சரி?

ஏட்டுப்பூச்சி: அவர் சும்மா சொல்லவில்லை. 4-ம் குகையில் கடிதம் மாதிரி ஒரு ஏடு கிடைத்தது. ஆறு பிரதிகள், ஒன்றும் முழுசாக இல்லை. 1994-ல்தான் முறையாகப் பதிப்பித்தார்கள். அதில் ஒரு வழக்கு. சுத்தமான குடத்திலிருந்து தீட்டுப்பட்ட பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். கீழே இருக்கும் தீட்டு, விழுகிற தாரை வழியே ஏறிக் குடத்தையும் தொடுமா? தொடும், மேலும் கீழும் ஒரே நீர்தானே என்கிறது ஏடு. சுமார் கி.பி. 200-ல் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னாவிலும் இதே சண்டை வருகிறது. அங்கே தாரை சுத்தம் என்பவர்கள் பரிசேயர் என்ற எதிர்க்கட்சி. அதற்காக அவர்களைக் குறை சொல்பவர்கள் சதுசேயர்! ஏடும் சதுசேயர் பக்கம்தான் பேசுகிறது.

ஞாயிறுவகுப்பு: ஒரு குடத்துத் தண்ணீரை வைத்துக் கட்சியை முடிவு பண்ணலாமா? தேவதூதரும் உயிர்த்தெழுதலும் இல்லை என்பவர்கள் சதுசேயர், அப்போஸ்தலர் 23:8. சுருள்களில் எங்கே திரும்பினாலும் தேவதூதர்தான். போரில்கூடக் கூடவே வருகிறார்கள்.

யாத்ரீகன்: நான் கும்ரானுக்குப் போயிருக்கிறேன். படிக்கட்டு வைத்த தொட்டிகளைக் காட்டி, யோவான் ஞானஸ்நானம் கொடுத்த இடம் என்றார் வழிகாட்டி. அப்போ இவர்கள் கிறிஸ்தவர்கள்தானே?

ஏட்டுப்பூச்சி: இல்லை ஐயா. அவை தீட்டுக் கழிக்க முங்கும் தொட்டிகள். எருசலேம் வீடுகளிலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதை வைத்து எந்தக் கட்சி என்றே சொல்ல முடியாது.

ஞாயிறுவகுப்பு: தொட்டியை விடுங்கள், எச்சிலைப் பாருங்கள். எசேனர் கூட்டத்தின் நடுவில் துப்ப மாட்டார்கள் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். 1-ம் குகையில் கிடைத்த சமூக விதிச் சுருளில், சபை நடுவே துப்பினால் 30 நாள் தண்டனை. புதிதாக வருபவரை வருஷக்கணக்கில் சோதித்துத்தான் பந்தியில் சேர்ப்பதும் இரண்டிலும் உண்டு. இத்தனையும் தற்செயலா?

ஏட்டுப்பூச்சி: சரி, எச்சில் வலுவான சாட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எசேனர் பெண்களே இல்லாமல் வாழ்ந்தார்கள் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. கும்ரான் கல்லறைகளில் பெண்களின் எலும்பும் இருக்கிறதே.

ஞாயிறுவகுப்பு: மணம் செய்துகொள்ளும் எசேனர் பிரிவும் உண்டு என்று அதே ஜோசிபஸ் சொல்கிறார். பிளினியை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

ஏட்டுப்பூச்சி: நான் சொல்வது தொடக்கத்தை. சுருள்களில் பெருமையாக வரும் பெயர் 'சாதோக்கின் மக்கள்'. சாதோக், சாலொமோன் காலத்து ஆசாரியர். சதுசேயர் என்ற பெயரும் அவர் வழியாக வந்ததாகத்தான் பலர் சொல்கிறார்கள். ஆலயத்தை நடத்திய விதம் பிடிக்காமல் வெளியேறிய ஆசாரியர் சிலர் பழைய தீட்டுச் சட்டங்களைக் கையோடு கொண்டுவந்திருக்கலாம். பின்னால் அவர்களையே வெளியார் எசேனர் என்று அழைத்திருக்கலாம். ஷிஃப்மன் போன்ற ஆய்வாளர்கள் சதுசேய வேர் என்று வாதாடுவது இதனால்தான்.

கரையான்: அவர்களே தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள்?

ஞாயிறுவகுப்பு: 'யஹத்', அதாவது ஒன்றுகூடியவர்கள். எசேனர் என்று எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் என் கட்சிக்கும் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.